செங்கல் சுவர், கீழே புல்: நடுவில் 620 பிக்சல் ஓட்டை. பேட்ச் டூல் இதற்கு லாயக்கா?

ஆல்பம்_மேசை | மார்ச் 3, காலை 10:12

6000 × 4000 படம். நாற்பது பேர் நிற்கும் குரூப் போட்டோ. பின்னால் பூசாத செங்கல் சுவர், சுவரடியில் புல்தரை. இடது பக்கம் ஒரு பிளெக்ஸ் ஸ்டாண்ட். அதை எடுத்துவிட வேண்டும். சுவரில் அது மறைக்கும் இடம் 620 பிக்சல் அகலம், 880 உயரம். அதற்குக் கீழே கால்கள் புல்லுக்குள் இன்னொரு 200 இறங்குகின்றன.

பேட்ச் டூலால் சுற்றி வரைந்து வலது பக்கச் சுவருக்கு இழுத்தேன். மூன்று கோளாறு. சாந்துக் கோடுகள் ஓட்டையின் விளிம்பில் உடைகின்றன. சில இடத்தில் ஒரே கோடு இரண்டாகப் பேய் மாதிரி தெரிகிறது. ஓரமாக நிற்பவரின் கறுப்புக் கோட்டுப் பக்கம் புகை படிந்த மாதிரி கறை. என் முடிவு: பேட்ச் டூல் முகத்துக்குத்தான், செங்கலுக்கு இல்லை. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஒரே_கிளிக் | மார்ச் 3, காலை 10:31

இதுக்கா இழை? லாசோ போடு, `Edit > Content-Aware Fill`, ஓகே. ரெண்டு நிமிஷம். பேட்ச் டூல் எல்லாம் 2002-ல வந்த போட்டோஷாப் 7 காலத்து சாமான்.

கரணை | மார்ச் 3, காலை 11:05

620 அகலம்னா எவ்வளவு அடி? சுவரில் ஓட்டை விழுந்த இடத்தில் பழைய சாந்தை நல்லா சுரண்டி எடுத்துட்டு, கல்லைத் தண்ணியில் ஊறவைச்சு, 1-க்கு 6 கலவை போட்டு அடைக்கணும். ஒரு வாரம் தண்ணி ஊத்துங்க. மேல் வரிக்குக் கீழே இடைவெளி விடாம சாந்தைக் குத்தி நிரப்பணும்.

ஆல்பம்_மேசை | மார்ச் 3, காலை 11:09

ஐயா, சுவர் நல்லாத்தான் இருக்கு. ஓட்டை படத்தில்.

கரணை | மார்ச் 3, காலை 11:14

சரி சரி. தலைப்பை மட்டும் படிச்சேன். இருந்தாலும் தண்ணி ஊத்தணும்.

மூன்றாம்_லேயர் | மார்ச் 3, மதியம் 1:40

மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. தனித்தனியாகப் பார்த்தால் பேட்ச் டூல் மேல் இருக்கிற கோபம் பாதி குறையும்.

கறை: சாதாரண மோடில் பேட்ச் டூல் எடுத்த இடத்திலிருந்து இழைநயத்தை மட்டும்தான் கொண்டுவரும். நிறத்தையும் வெளிச்சத்தையும் நீங்கள் வரைந்த கோட்டின் ஓரத்திலிருந்து வாங்கி உள்ளே பரப்பும். அந்தக் கோடு கறுப்புக் கோட்டைத் தொட்டால் கறுப்பும் உள்ளே பரவும். கருவி சொன்னதைச் சரியாகத்தான் செய்கிறது. கோடு தொடாமல் இருக்கவேண்டும் என்றால், முதலில் அந்த ஆளின் ஓரமாக 12–15 பிக்சல் அகலத்துக்கு ஒரு பட்டையை குளோன் ஸ்டாம்ப்பால் நிரப்பிவிடுங்கள். குளோன் அப்படியே நகலெடுக்கும், பக்கத்து நிறத்தை வாங்காது. பட்டை போட்டபின் பேட்ச் எல்லைக்கோடு அதன்மேல் ஓடட்டும். அந்த ஆளின் உடையிலிருந்து விலகிவிடும், கறை வராது.

பேய்க்கோடு: மேலே ஆப்ஷன் பட்டையில் `Transparent` டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் புதிய இழைநயம் பழையதன் மேல் கலந்து உட்காரும். வெறும் வானத்துக்கு உதவும், செங்கலுக்கு விஷம்.

உடைகிற கோடு: இது கருவியின் தப்பே இல்லை. இழுத்தபோது எத்தனை செங்கல் தள்ளி இழுத்தீர்கள்? எண்ணியிருக்க மாட்டீர்கள். சுவர் என்பது திரும்பத் திரும்ப வரும் ஒரு அளவு. முழுச் செங்கல் கணக்கில் நகர்த்தினால் மட்டும்தான் கோடு கோட்டில் விழும்.

ஆல்பம்_மேசை | மார்ச் 3, மதியம் 2:02

`Transparent` டிக் ஆகித்தான் இருந்தது. பழைய ஏதோ வேலையில் போட்டது அப்படியே நின்றிருக்கிறது. ஒன்று தீர்ந்தது, நன்றி சார்.

ஒரு செங்கலை அளந்தேன். சாந்து நடுவிலிருந்து அடுத்த சாந்து நடு வரை 96 பிக்சல். 9 செங்கல் தள்ளி, 864 பிக்சல் நகர்த்தினேன். இப்பவும் விளிம்பில் படி மாதிரி விலகுகிறது.

மூன்றாம்_லேயர் | மார்ச் 3, மாலை 4:20

சார் இல்லை, அக்கா.

ஒன்றை அளக்காதீர்கள், பத்தை அளங்கள். ரூலர் டூலை ஒரு செங்குத்துச் சாந்தின் நடுவில் வைத்து, அதே வரியில் பத்தாவது செங்கல் முடியும் சாந்தின் நடு வரை இழுங்கள். மேலே W என்று வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள். உயரத்துக்கும் அதேபோல் பத்து வரி.

ஆல்பம்_மேசை | மார்ச் 3, மாலை 4:48

பத்து செங்கல் 963. பத்து வரி 321.

மூன்றாம்_லேயர் | மார்ச் 3, மாலை 5:15

அப்படியென்றால் செங்கல் 96.3, வரி 32.1. ஒன்பது செங்கல் என்பது 866.7, நீங்கள் நகர்த்தியது 864. பிழை 2.7 பிக்சல். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் உங்கள் படத்தில் சாந்தின் அகலமே நாலு பிக்சல் சொச்சம்தான். அதில் பாதிக்கு மேல் விலகினால் கண் உடனே பிடித்துவிடும். 867 நகர்த்துங்கள். மிச்சம் 0.3, அது தெரியாது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. உங்கள் சுவரில் எல்லாக் கல்லும் நீளவாக்கில் படுத்து, ஒவ்வொரு வரியும் கீழ் வரியிலிருந்து அரைக்கல் தள்ளி இருந்தால், ஒரு வரி மேலே அல்லது கீழே, கூடவே அரைக்கல் பக்கவாட்டில் நகர்த்தினாலும் கோடு பொருந்தும். அதாவது 48 பிக்சலும் 32 பிக்சலும். எங்கிருந்து எடுப்பது என்ற தேர்வு இதனால் இரண்டு மடங்கு ஆகிறது.

ஒரே_கிளிக் | மார்ச் 3, மாலை 5:22

செங்கல் சுவர்னா ரெண்டு வரிக்கு ஒருதரம்தான் ஒரே மாதிரி வரும். ஒரு வரி நகர்த்தினா தப்பாயிடும். எப்பவும் ரெண்டு, நாலு, ஆறுன்னுதான் போகணும்.

கரணை | மார்ச் 3, இரவு 8:10

ரெண்டு பேர் சொல்றதும் ஒவ்வொரு சுவருக்குச் சரி. எந்தக் கட்டுன்னு முதல்ல பாருங்க. 9 அங்குலச் சுவரா இருந்தா நம்ம ஊர்ல பெரும்பாலும் இங்கிலீஷ் பாண்ட். ஒரு வரி முழுக்கக் கல்லோட நீளப் பக்கம் தெரியும், அடுத்த வரி முழுக்கத் தலை தெரியும். அதுல ஒரு வரி நகர்த்தினா நீளக் கல் மேல தலைக்கல் போய் உட்காரும். அங்க தம்பி சொன்ன மாதிரி ரெண்டு ரெண்டு வரிதான். நாலரை அங்குலச் சுவரா இருந்தா எல்லா வரியும் நீளக் கல்லுதான். அங்க அரைக்கல் தள்ளி ஒரு வரி போகலாம், அந்த அம்மா சொன்னது சரி.

அளவும் சரியா இருக்கு. சாந்தோட சேர்த்து 9-க்கு 3. 963-க்கு 321-ன்னு சொன்னீங்களே, மூணுக்கு ஒண்ணு, அச்சு அசல். இந்தக் கணக்கு வராம இருந்தா ஒண்ணு கல் வேற சைஸ், இல்லேன்னா படம் சாய்ஞ்சிருக்கு.

மூன்றாம்_லேயர் | மார்ச் 3, இரவு 8:31

கரணை ஐயா சொன்ன கடைசி வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மறந்த சோதனை அது. இன்னொன்றும் செய்யுங்கள்: ஓட்டையின் இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து, இரண்டையும் தனித்தனியாக அளங்கள். ஒரு சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் சுவர் நேராக நிற்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். அதற்கு மேல் என்றால் கேமரா சாய்ந்து பார்த்திருக்கிறது, நகர்த்தினால் மட்டும் போதாது.

ஆல்பம்_மேசை | மார்ச் 4, காலை 9:30

இடது 961, வலது 965. எல்லாக் கல்லும் நீளவாக்கில்தான்.

மூன்றாம்_லேயர் | மார்ச் 4, காலை 10:50

நல்லது, சாய்வு இல்லை. இப்போது வேலை வரிசை. பேட்ச் டூலைக் கையில் எடுக்காதீர்கள், அது கடைசியில்தான் வரும்.

முதலில் வெறும் நகல். ஓட்டையைவிட நாலு பக்கமும் ஒரு செங்கல் பெரிதாக, வலப்பக்கச் சுத்தமான சுவரில் ஒரு செவ்வகம் தேர்ந்தெடுத்து `Ctrl+J`. புது லேயரை 867 பிக்சல் இடப்பக்கம் நகர்த்துங்கள். `Ctrl+T` அடித்து, X பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் முக்கோணத்தை அழுத்தினால் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு என்று எண்ணாகவே கொடுக்கலாம். −867.

அடுத்து அந்த லேயரை `Difference` மோடுக்கு மாற்றுங்கள். ஓட்டையைச் சுற்றி ஒரு செங்கல் அகலத்துக்கு நகலும் அசலும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிறது அல்லவா, அந்த வளையத்தைப் பாருங்கள். கோடுகள் பொருந்தியிருந்தால் வளையம் கறுத்திருக்கும். பொருந்தாவிட்டால் ஒவ்வொரு சாந்தும் இரட்டை வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும். அம்புக்குறியால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி எது மிகக் கறுப்பாகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு `Normal`. கணக்கு உங்களைப் பக்கத்தில் கொண்டுவந்து விடும், கடைசி ஒரு பிக்சலைக் கண்தான் முடிக்கும். கையால் கட்டிய சுவரில் சாந்து அங்கங்கே கூடக்குறைய இருக்கும். அதனால் எல்லா இடமும் கறுக்காது.

இப்போது மாஸ்க். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். மெத்தென்ற பெரிய பிரஷ் எடுத்து ஓரத்தைக் கரைப்பார்கள். கரைகிற இடத்தில் இரண்டு சுவரும் பாதிப் பாதி கலந்து, செங்கலின் சொரசொரப்பு மழுங்கி, ஓட்டையைச் சுற்றி ஒரு பனிவளையம் விழும். ஓரத்தைச் சாந்து நடுவிலேயே வெட்டுங்கள். பலகோண லாசோவால் சாந்துக்குள்ளேயே போய், ஒரு வரி ஏறி, அரைக்கல் உள்ளே வந்து, ஒரு வரி ஏறி, அரைக்கல் வெளியே போய். மாஸ்க்கின் `Feather` ஒரு பிக்சலைத் தாண்ட வேண்டாம். சாந்து எப்படியும் ஒழுங்கில்லாத சாம்பல்தான், அதற்குள் இருக்கும் வெட்டை யாரும் தேட மாட்டார்கள்.

கரணை | மார்ச் 4, காலை 11:20

இது எங்க வேலைதான். பின்னாடி சுவரை நீட்டணும்னா ஓரத்துல பல்லுப் பல்லா விட்டுக் கட்டுவோம், ஒரு வரி வெளிய ஒரு வரி உள்ள. நேரா வெட்டின ஓரத்துல புதுச் சுவரை ஒட்டினா அந்தக் கோடு எப்பவும் தெரியும், விரிசலும் அங்கதான் வரும்.

ஒரே_கிளிக் | மார்ச் 4, காலை 11:41

ஒத்துக்கிறேன், நான் அதே படத்தைக் கேட்டு வாங்கி என் முறையில் போட்டேன். பார்க்க நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் ஒரு சாந்துக் கோட்டை இடப்பக்கம் பிடிச்சு வலப்பக்கம் வரை விரலால நடந்தேன். நடுவுல எங்கேயோ அது அரை வரி இறங்கிடுது. ஒரு இடத்துல ஒன்றரைக் கல் நீளத்துக்கு ஒரே செங்கல்.

மூன்றாம்_லேயர் | மார்ச் 4, மதியம் 12:15

அந்த விரல் நடைதான் சரியான சோதனை. `Content-Aware Fill` இரண்டு பக்க ஓரத்திலிருந்தும் பொருத்தமான துண்டுகளைத் தேடித் தேடி ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. பக்கத்துத் துண்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கும், வரியை எண்ணாது. இரண்டு மூன்று செங்கல் அகல ஓட்டை என்றால் பிழை சேர இடமில்லை, பிழைத்துவிடும். ஆறரைச் செங்கல் அகலம், இருபத்தேழு வரி உயரம் என்றால் நடுவில் எங்காவது இரண்டு கணக்கும் மோதும்.

அந்த வழியிலேயே போக வேண்டுமானால், பச்சையாகத் தெரியும் மாதிரிப் பகுதியிலிருந்து ஆட்களையும் புல்லையும் பிரஷ்ஷால் அழித்துவிடுங்கள். `Rotation Adaptation` என்பதை `None`, `Scale`, `Mirror` இரண்டும் அணைத்து வையுங்கள். செங்கல் சுழலாது, பெரிதாகாது. `Output To` என்பதில் `New Layer`. அது தோற்றுப்போன இடத்தை மட்டும் மேலே சொன்ன முறையில் மாற்றலாம். மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டியதில்லை.

ஜிம்ப்_மட்டும் | மார்ச் 4, மாலை 6:05

என்னிடம் ஜிம்ப்தான். பேட்ச் டூல் கிடையாது. சுவரில் ஒரு செவ்வகம் வெட்டி `Filters > Map > Tile Seamless` போட்டு, அதைப் பேட்டர்னாக வைத்து குளோன் டூலால் தீட்டினேன். புல்லுக்கு அருமை. சுவருக்குப் போட்டால் செங்கலுக்குள் இன்னொரு செங்கல் ஆவியாகத் தெரிகிறது. ஏன்?

மூன்றாம்_லேயர் | மார்ச் 4, இரவு 9:00

அந்த ஃபில்ட்டர் உங்கள் செவ்வகத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நகர்த்தி, நகர்த்தியதையும் அசலையும் கலக்கிறது. புல்லில் எதன்மேல் எது விழுந்தாலும் புல்தான். சுவரில் பாதி நகர்ந்த சாந்து செங்கல் நடுவில் விழும், அதுதான் ஆவி.

சுவர் டைலுக்குக் கலப்பே வேண்டாம், வெட்டும் அளவு சரியாக இருந்தால் போதும். அகலம் முழுச் செங்கல் கணக்கு, உயரம் இரட்டைப்படை வரிக் கணக்கு. ஆல்பம்_மேசையின் படத்தில் பத்து செங்கலுக்கு இருபது வரி, 963 × 642. பதினொரு வரியில் வெட்டினால் டைல் சேரும் இடத்தில் ஒரு செங்குத்துச் சாந்துக்கு நேர் மேலே இன்னொன்று நிற்கும். கொத்தனாரே சிரிப்பார்.

போட்டோஷாப்பில் வெட்டிய டைலைத் தனிப் படமாக வைத்து `Filter > Other > Offset`, `Wrap Around`, 480-க்கு 320. ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். சிலுவை மாதிரி தெரியும் தையலைச் சிறிய குளோனால் சரிசெய்து `Edit > Define Pattern`. அந்த மெனு மங்கிக் கிடந்தால் தேர்வு செவ்வகமாக இல்லை, அல்லது ஃபெதர் ஏறியிருக்கிறது.

ஜிம்ப்_மட்டும் | மார்ச் 4, இரவு 9:25

அப்படியானால் பாதி நகர்த்தல் தானாகவே பொருந்துகிற மாதிரி அளவு வெட்டினால்? பத்து செங்கல், பன்னிரண்டு வரி. பாதி என்றால் ஐந்து செங்கல், ஆறு வரி. ஆறு இரட்டைப்படை. கோடு கோட்டில்தானே விழ வேண்டும்?

மூன்றாம்_லேயர் | மார்ச் 4, இரவு 9:52

விழும். நான் யோசிக்கவில்லை. நான் சொன்ன பத்துக்கு இருபதிலும் பாதி ஐந்துக்குப் பத்து, அதிலும் விழும். கோடு சரியாக இருக்கும், செங்கல்களின் நிறம் மட்டும் இரண்டு இரண்டாகக் கலந்து எல்லாம் ஒரே மாதிரிக் களையிழந்து போகும். தூரத்துச் சுவருக்கு ஓடும்.

ஆல்பம்_மேசை | மார்ச் 5, காலை 10:20

நகல் வழி, டைல் வழி இரண்டும் போட்டுப் பார்த்தேன். டைலை பேட்டர்ன் ஸ்டாம்ப்பால் தீட்டினால் சுவரோடு பொருந்தவே மாட்டேன் என்கிறது. டைல் எங்கே ஆரம்பிக்கிறது என்பது என் கையில் இல்லை.

மூன்றாம்_லேயர் | மார்ச் 5, காலை 10:44

ஸ்டாம்ப்பை விடுங்கள். `Layer > New Fill Layer > Pattern`. அந்தப் பெட்டி திறந்திருக்கும்போதே படத்தின் மேல் மவுஸால் இழுத்தால் டைல் மொத்தமும் நகரும். சாந்து சாந்தோடு பொருந்தும் இடத்தில் விடுங்கள். `Scale` நூறிலேயே இருக்கட்டும், பிறகு அதே பல் பல்லான மாஸ்க். ஒரு டைல் 642 உயரம், உங்கள் ஓட்டை 880. எனவே கொஞ்சம் திரும்ப வரும். நகல் வழியில் வராது. பக்கத்தில் போதுமான சுத்தச் சுவர் இருக்கும்போது டைல் தேவையில்லை என்பது என் கட்சி. சுத்தமாக இருப்பது பத்துச் செங்கல் மட்டும், நிரப்ப வேண்டியது சுவர் முழுக்க என்றால் டைல்.

ஆல்பம்_மேசை | மார்ச் 5, மாலை 3:30

நகல் வழிதான் எடுத்தேன். கோடு எல்லாம் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒட்டிய இடம் தனி அட்டை மாதிரி நிற்கிறது. வெளிச்சம்.

மூன்றாம்_லேயர் | மார்ச் 5, மாலை 4:05

ஐட்ராப்பரின் `Sample Size` என்பதை `101 by 101 Average` ஆக்குங்கள். உங்கள் படத்தில் அது ஒரு செங்கல் அகலம், மூன்று வரி உயரம். செங்கலும் சாந்தும் அவை இருக்கும் விகிதத்திலேயே கணக்கில் வரும். சின்ன சாம்பிள் வைத்தால் ஒருமுறை சாந்தில் விழும், ஒருமுறை கருகின கல்லில் விழும், எண் குதிக்கும். ஓட்டைக்கு வெளியே இடம், வலம், மேல், கீழ் நாலு இடம். அதற்கு நேர் உள்ளே நாலு இடம்.

ஆல்பம்_மேசை | மார்ச் 5, மாலை 4:26

சிவப்பு சேனல்: வெளியே இடது 148, வலது 131. உள்ளே இடது 133, வலது 129. மேல் கீழ் ஏறத்தாழ ஒன்று.

மூன்றாம்_லேயர் | மார்ச் 5, மாலை 4:40

வலப்பக்கம் ஒட்டியே இருக்கிறது, இடப்பக்கம் பதினைந்து குறைகிறது. நகல் லேயருக்கு மட்டும் கிளிப் செய்து ஒரு `Curves`. இடது ஓரம் 148 வரும்வரை தூக்குங்கள். அதன் மாஸ்க்கில் இடமிருந்து வலமாக வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரு கிரேடியன்ட். முடிந்தது.

பேட்ச் டூல் இப்போது வரலாம். எல்லாவற்றையும் `Ctrl+Alt+Shift+E` போட்டு ஒரே லேயராக எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரண மோடில் அது காலி லேயரில் வேலை செய்யாது. கறை படிந்த ஒரு கல், உப்புப் பூத்த ஒரு மூலை, இவ்வளவுதான் அதற்கு வேலை. எல்லைக்கோடு சாந்து நடுவில் ஓடட்டும், இழுப்பது முழுச் செங்கல் கணக்கில். `Diffusion` குறைவாக வையுங்கள், ஒன்று அல்லது இரண்டு. கூட்டினால் சொரசொரப்புப் போகும்.

ஜிம்ப்_மட்டும் | மார்ச் 5, இரவு 7:15

அந்தப் படத்தை இங்கே போட்டீர்களே, வலப்பக்கம் மூலை உடைந்த கறுத்த செங்கல் ஒன்று இருக்கிறது. இடப்பக்கமும் அதே மூலை உடைந்து, அதே கறுப்பு. இரட்டைப் பிள்ளை.

ஆல்பம்_மேசை | மார்ச் 5, இரவு 7:22

ஐயோ. பார்த்தபின் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மூன்றாம்_லேயர் | மார்ச் 5, இரவு 7:50

ஒட்டிய பகுதியில் தனித்துத் தெரியும் கல் மூன்றோ நாலோதான் இருக்கும். ஒவ்வொன்றையும் அதன் பாதிச் சாந்தோடு, வேறு எங்கோ இருக்கும் சாதாரணக் கல்லால் மூடுங்கள். நூற்றியெழுபது கல்லையும் மாற்ற வேண்டாம். கண் அடையாளம் வைப்பது விசித்திரமானதை மட்டும்தான். படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம் பார்த்தால் மிச்ச இரட்டையரும் மாட்டுவார்கள்.

ஆல்பம்_மேசை | மார்ச் 6, காலை 9:10

சுவர் முடிந்தது. புல்லுக்கு என்ன கணக்கு?

ஒரே_கிளிக் | மார்ச் 6, காலை 9:18

புல்லுக்கு என்ன கணக்கு, எங்கிருந்து வேணும்னாலும் எடு, எல்லாம் பச்சைதான்.

மூன்றாம்_லேயர் | மார்ச் 6, காலை 11:30

அதே வரிசையிலிருந்து எடுத்தால் அப்படித்தான். ஸ்டாண்டின் கால் நிற்கும் உயரத்திலேயே இடமும் வலமும் நகர்ந்து எடுத்தால் புல்லின் அளவு ஒன்று, ஃபோகஸ் மங்கலும் ஒன்று. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துச் சுவரடியில் வைத்தால் சுவரடியில் வாழைக்கன்று முளைத்த மாதிரி இருக்கும்.

அதே வரிசையில் இடமில்லை, ஆட்கள் நிற்கிறார்கள் என்றால் சின்னதாக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு அடிவானக் கோடு போதும். கண்ணுயரத்தில் பிடித்து எடுத்த படம், தரை சமம் என்றால், போட்டோகிராபர் உயரமுள்ள ஆட்களின் கண்கள் இருக்கும் வரிசைதான் அது. உங்கள் படத்தில் ஏறத்தாழ y = 1630. நிரப்ப வேண்டிய இடம் 2430, அதாவது அடிவானத்துக்குக் கீழே 800. எடுக்கும் இடம் 2630 என்றால் 1000. 800-ஐ 1000-ஆல் வகுத்தால் 80 சதவீதம். `Clone Source` பேனலில் W, H இரண்டிலும் 80. இது எப்போதும் சின்னதாக்கும் திசையில் இருக்கட்டும். பெரிதாக்கினால் புல் மங்கிவிடும், பக்கத்துப் புல் கூர்மையாக நிற்கும்.

பிரஷ் விஷயம். சுவரில் சொன்ன பனிவளையம் புல்லில் இன்னும் மோசம். சம்பந்தமில்லாத இரண்டு புல்லைப் பாதிப் பாதி கலந்தால் அதன் காண்ட்ராஸ்ட் எழுபது சதவீதத்துக்கு இறங்கிவிடும். மெத்தென்ற பிரஷ்ஷின் ஓரம் முழுக்க நடப்பது அதுதான். அதனால் புல் வடிவ முனையையே குளோன் ஸ்டாம்ப்புக்குக் கொடுங்கள். புதிய பதிப்புகளில் பிரஷ் பேனல் மெனுவில் `Legacy Brushes` ஏற்றினால் `Dune Grass` கிடைக்கும். ஓரம் இதழ் இதழாக விழும், கலப்பு இருக்காது. மூன்று இடத்திலிருந்து மாற்றி மாற்றி எடுங்கள். காய்ந்த இலை, பூ, காகிதத் துணுக்கு இருக்கும் இடத்தை எடுக்கவே வேண்டாம்.

சுவர் லேயருக்கு மேலே புல் லேயர். புல் நுனி கடைசி வரிச் செங்கலை அங்கங்கே மறைக்க வேண்டும். சுவரும் புல்லும் நேர்கோட்டில் சந்தித்தால் கத்தரித்து ஒட்டியது என்று சின்னப் பையனும் சொல்வான்.

மூன்றாம்_லேயர் | மார்ச் 6, மதியம் 12:40

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். W, H இரண்டுக்கும் 80 என்றேன். அது நின்றிருக்கும் புல்லுக்குச் சரி. ஒட்ட வெட்டிய புல்தரை படுத்துக்கிடக்கும் பாய் மாதிரி. தூரம் போகப் போக அகலம் 80 ஆகும்போது, ஆழத்தில் அது இன்னும் ஒருமுறை நசுங்கும், 64. அப்படியானால் W 80, H 64. உங்கள் புல் கணுக்கால் உயரமா, ஒட்ட வெட்டியதா?

ஆல்பம்_மேசை | மார்ச் 6, மதியம் 1:15

நடுவில். ஓரிடம் வெட்டியிருக்கிறது, சுவரடியில் வெட்டவில்லை.

மூன்றாம்_லேயர் | மார்ச் 6, மதியம் 1:22

அப்படியானால் 80-க்கு 70 போட்டுப் பாருங்கள். இதற்கு மேல் எனக்குக் கணக்கு தெரியவில்லை.

ஜிம்ப்_மட்டும் | மார்ச் 6, மதியம் 1:50

வலப்பக்கப் புல்லைக் கண்ணாடி மாதிரி திருப்பி எடுத்தால் திரும்ப வருவது தெரியாது, W −80 போடலாம்.

மூன்றாம்_லேயர் | மார்ச் 6, மதியம் 2:10

வெயில் இல்லாத படத்தில் போடலாம். இதில் வெயில் இடப்பக்கமிருந்து வருகிறது. திருப்பினால் ஒவ்வொரு புல்லும் வலப்பக்கம் வெளிச்சம் வாங்கும். என் கண்ணுக்கு உறுத்தும்.

ஜிம்ப்_மட்டும் | மார்ச் 6, மதியம் 2:14

என் கண்ணுக்கு உறுத்தவில்லை. புல்லில் யார் பார்க்கிறார்கள்?

ஆல்பம்_மேசை | மார்ச் 7, காலை 10:05

80-க்கு 70, திருப்பாமல். ஸ்டாண்ட் கால்களின் நிழலை மறந்துவிட்டேன். கால் இல்லை, நிழல் மட்டும் புல்லில் இரண்டு கோடாகக் கிடந்தது. அதையும் அதே வரிசைப் புல்லால் மூடினேன். தலைப்பில் கேட்டதற்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்: இந்தப் படத்தில் பேட்ச் டூல் தொட்டது மொத்தம் ஐந்து கல்.

கரணை | மார்ச் 7, காலை 10:40

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கீழேயிருந்து நாலாவது வரியில் ஒரு செங்குத்துச் சாந்து அடுத்த வரிச் சாந்துக்கு நேரா நிக்குது. நீங்க பண்ணினதா, கட்டினவன் பண்ணினதா?

ஆல்பம்_மேசை | மார்ச் 7, காலை 10:58

அசலில் பார்த்துவிட்டேன். கட்டினவர்.